அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை வாங்கிப் பாருங்கள்

சமூக மையத்தில் முதியவர்களுக்குப் போன் பயன்படுத்தக் கற்றுத்தரும் முதல் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் விடாமல் துடித்தது. எடுத்துப் பார்த்தால் எங்கள் வகுப்புக் குழு. "வீட்டுக்குப் போனதும் ஒரு பூச்செடிப் படத்தை இதில் அனுப்புங்கள்" என்று ஒன்பது பேரிடமும் சொல்லியிருந்தேன். ஆளுக்கு ஒன்று என்றால் ஒன்பது வரவேண்டும். வந்திருந்தவை பதினாறு.

எட்டு பேர் ஒழுங்காக ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் அந்த அம்மாவிடமிருந்து மட்டும் எட்டு. முதல் படம் செம்பருத்தி. கடைசிப் படம் ரத்தப் பரிசோதனை அறிக்கை. பெயர், பிறந்த தேதி, போன் எண், சர்க்கரை அளவு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

உடனே அவரை அழைத்தேன். பதறிப்போனார். "அழிச்சிடுறேன் தம்பி" என்றவர், அரை நிமிடத்தில் "அழிச்சிட்டேன், போயிடுச்சு" என்றார். என் திரையில் அறிக்கை அப்படியே இருந்தது. அவர் தொட்டது `Delete for me`. அதைத் தொட்டால் அவருடைய திரையிலிருந்து மட்டும் படம் மறையும், மற்ற எல்லாரிடமும் இருக்கும். தொட வேண்டியது `Delete for everyone`. பதற்றத்தில் இருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தன் திரையில் படம் காணாமல் போனதும் "தீர்ந்தது" என்றுதான் யாருமே நினைப்பார்கள்.

குழுவைத் தொடங்கியவன் நான் என்பதால் நிர்வாகி உரிமையை வைத்து அதை எல்லாருக்குமாக அழிக்க முடிந்தது. அப்போதும் முழுவதும் போகவில்லை. இன்னொரு ஐயாவின் ஐபோனில், குழுவுக்கு வரும் படங்கள் தானாகவே போட்டோ தொகுப்பில் சேமிக்கப்படும் அமைப்பு போட்டிருந்தது. அங்கே போய் உட்கார்ந்துவிட்ட பிரதியை, அடுத்த வகுப்பில் அவர் கையாலேயே அழிக்க வைத்தோம்.

என் முதல் எண்ணம், "அவசரப்பட்டிருப்பார், மெதுவாகச் செய்யச் சொல்வோம்" என்பதுதான். அது தப்பு. மறுவாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலை மட்டும் கவனித்தேன். அவசரமே இல்லை, அளவுக்கு மீறிய நிதானம்தான் இருந்தது. படத்தின் மேல் விரலை வைக்கிறார், சரியாகப் பட்டதா என்று உறுதி செய்துகொள்கிறார், பிறகுதான் எடுக்கிறார். போனுக்கு அது தொடுதல் இல்லை, அழுத்திப் பிடித்தல். பெரும்பாலான போன்களில் ஏறத்தாழ அரை விநாடிக்கு மேல் விரல் நின்றால் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். அழுத்திப் பிடித்ததும் செயலி 'பல படங்களைத் தேர்ந்தெடு' என்ற நிலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எந்தப் படத்தில் விரல் பட்டாலும் அதுவும் கணக்கில் சேரும். செம்பருத்தியைப் பிடித்துவிட்டு, "இது இல்லையோ" என்று கீழே நகர்த்தித் தேடியிருக்கிறார். போகிற வழியில் ஏழு படங்கள் சேர்ந்துகொண்டன.

இதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் `Settings`-இல் `Accessibility` என்ற பகுதிக்குள் `Touch & hold delay` என்று இருக்கும். அதில் `Long` வைத்தால், விரலைக் கூடுதல் நேரம் வைத்தாலும் போன் அதைச் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும். சில போன்களில் அது இன்னும் ஒரு அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கும், அமைப்புகளின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் `hold` என்று தட்டினால் வந்துவிடும். ஐபோனில் `Accessibility`, `Touch`, `Haptic Touch` என்று உள்ளே போய் `Slow` தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பில் ஒன்பது போன்களிலும் மாற்றினேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. "இத்தனை நாளா என் கையிலதான் கோளாறுன்னு நினைச்சேன்" என்றார் அந்த அம்மா. இப்போது புதிதாக யார் வந்தாலும் படம் அனுப்புவது பற்றிப் பேசுவதற்கு முன்பே இந்த அமைப்பைத்தான் பார்க்கிறேன்.

அதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்தோம். அனுப்பும் பொத்தானைத் தொடும் முன் திரையில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். பல படங்கள் தேர்வாகியிருந்தால், பொத்தானின் ஓரத்திலோ படங்களின் மூலையிலோ எத்தனை என்று சிறிய எண் இருக்கும், அல்லது கீழே குட்டிப் படங்கள் வரிசையாக நிற்கும். "எத்தனை?" என்று நான் கேட்பேன், "ஒண்ணு" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகள் வகுப்பு மாதிரி இருக்கிறது என்று ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் முதலில் முகம் சுளித்தார். மூன்றாவது நாள் அவரே "ரெண்டு!" என்று கத்தினார். சொல்லாமல் தொட்டிருந்தால் போயிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. எண் சரியாக இருந்தாலும், போகிற படத்துக்குள் என்ன இருக்கிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரிவதில்லை. அனுப்புகிறவர் அதைத் தன் பூச்செடியாகத்தான் பார்க்கிறார். வாங்குகிறவர் மொத்தப் படத்தையும் பார்க்கிறார். அதனால் வகுப்பின் வரிசையையே திருப்பிப் போட்டேன். முதல் இரண்டு வாரம் யாருக்கும் எதையும் அனுப்பக் கூடாது, அவரவர் தங்களுக்கே அனுப்பிக்கொள்ள வேண்டும். சில செய்திச் செயலிகளில் தன் எண்ணுக்கே செய்தி அனுப்பலாம். இல்லையென்றால் தன் மின்னஞ்சலுக்கே. அனுப்பிவிட்டு, வந்த படத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பதைப் பார்க்கத் தேவையில்லை, அதற்காகத்தானே எடுத்தோம். வினையெல்லாம் மூலைகளில்தான் இருக்கும். ஒருவர் படத்தின் இடது ஓரத்தில் வீட்டு எண். இன்னொருவர் படத்தில் மேசை மேல் கிடந்த கடிதத்தின் முகவரி. நிலைக்கண்ணாடியில் பனியனோடு படம் எடுத்துக்கொண்டிருக்கும் தாத்தாவும் ஒரு படத்தில் சிக்கினார், அன்று வகுப்பு அதற்குமேல் நடக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் படத்தோடு போகும் என்பதைக் கணக்காளர் ஐயாவை வைத்துத்தான் எல்லாருக்கும் காட்ட முடிந்தது. அவருக்கு எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பும் பழக்கம் கிடையாது. தன் வீட்டு ஜன்னலோரத்தில் இருந்த ஒரு தொட்டியைப் படம் எடுத்து, ஐபோனிலிருந்து அசல் அளவிலேயே தன் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார். அதைச் சமூக மையத்தின் கணினியில் திறந்து சேமித்தோம். கோப்பின் மேல் வலது கிளிக், `Properties`, பிறகு `Details`. கீழே நகர்த்திக்கொண்டே போனால் படம் எடுத்த தேதி, நேரம், போனின் மாதிரி, அப்புறம் `GPS` என்ற தலைப்பில் அட்சரேகையும் தீர்க்கரேகையும். அந்த எண்களை வரைபடத்தில் தட்டினேன். குறி போய் நின்ற இடத்தைப் பார்த்து ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது என் வீட்டு வாசல்" என்றார்.

சரி, எல்லாப் படத்தோடும் இது போகுமா? போகாது, அனுப்பும் வழியைப் பொறுத்தது. பரவலாகப் பயன்படும் செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால், செயலி அதைச் சுருக்கி அனுப்பும்போது இடக்குறிப்பு பொதுவாக உதிர்ந்துவிடும். அதே படத்தை அதே செயலியில் 'ஆவணம்' என்று இணைத்தால் கோப்பு அசலாகவே போகும், குறிப்பும் கூடவே போகலாம். தெளிவு குறையக் கூடாதென்று பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த வழி பெரும்பாலும் இந்த ஆவண வழிதான், அதனால் இதைத் தனியாகச் சொல்லிவைக்கிறேன். மின்னஞ்சல் போனுக்குப் போன் மாறும். எது எப்படி என்று எழுபது வயதில் மனப்பாடம் செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை. கேமரா செயலியின் அமைப்பில் இடத்தைச் சேர்க்கும் பொத்தானை அணைத்துவிட்டால் இனி எடுக்கும் படங்களில் அது பதிவாகவே ஆகாது. ஐபோனில் கேமராவுக்கான இட அனுமதியை `Never` ஆக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த படங்களில் இருப்பது இருக்கும். பழைய படத்தை ஐபோனிலிருந்து அனுப்புவதாக இருந்தால், பகிரும் திரையின் மேலே உள்ள `Options`-ஐத் தொட்டு `Location`-ஐ அணைக்கலாம். அணைத்துவிட்டு ஐயா மறுபடி தனக்கே அனுப்பினார், மறுபடி கணினியில் திறந்தார், `GPS` தலைப்பே இல்லை என்று பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது மறைப்பது. அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை மாதிரியானவற்றை எப்போதாவது அனுப்பியே ஆகவேண்டியிருக்கும். எண்ணை மட்டும் மறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு அம்மா போனின் பேனாவால் கறுப்பாகத் தீட்டிக் கொண்டுவந்தார். நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது எழுத்துகளைக் கோடிட்டுக் காட்டும் பட்டைப் பேனா. அதன் மை அரைகுறையாகத் தெரியும் தன்மையுடையது. கறுப்பு நிறத்தில் நாலைந்து முறை தீட்டினால் நம் கண்ணுக்கு அடைத்துவிட்டது போல இருக்கும். வந்த படத்தை என் போனில் திறந்து, திருத்தும் திரையில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றினேன். கறுப்புக்குள்ளிருந்து எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அம்மா என் போனைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார், ஏதோ மாயம் செய்துவிட்டேன் என்பது போல.

வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்டார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் 2023-இல் ஒரு குறை வெளியே வந்தது. கூகுளின் பிக்சல் போன்களில் இருந்த திருத்தும் கருவியில் ஒரு படத்தை வெட்டிச் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் அழியாமல் தங்கியிருந்தது. விவரம் தெரிந்தவர்களால் அதை ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸின் திரைப்பிடிப்புக் கருவியிலும் அதே மாதிரி ஒன்று கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் வெட்டி, அசல் கோப்பாகவே பகிர்ந்த படங்கள் போனது போனதுதான்.

இதையெல்லாம் யோசித்து நாங்கள் வந்து சேர்ந்த வழியில் தொழில்நுட்பமே கிடையாது. படம் எடுப்பதற்கு முன்பே, காட்டக் கூடாத இடத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட வேண்டும். கேமரா பார்க்காததை யாராலும் மீட்க முடியாது. காகிதம் மெல்லியதாக இருந்தால் எழுத்து கசியும், இரண்டாக மடித்து வைக்க வேண்டும். ஒரு அம்மா தன் கைப்பையில் இதற்கென்றே கெட்டி அட்டைத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார். ஏற்கெனவே எடுத்த படம் என்றால், கறுப்புக் கட்டம் போட்டு நிரப்பி, அந்தத் திரையைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் பிடிப்பை மட்டும் அனுப்பச் சொல்கிறேன். அது புதுப் படம், கட்டத்துக்கு அடியில் எதுவும் இல்லை, கேமரா எழுதிய இடக்குறிப்பும் அதில் வராது. ஆனால் திரையின் உச்சியில் அந்த நேரத்தில் வந்த செய்தி அறிவிப்பு மாட்டிக்கொள்ளும். அதற்குத்தான் மறுபடியும் அந்த நான்கு மூலைகள். யாராவது ஒருவர் போனில் அழைத்து அவசரப்படுத்தி, அட்டையின் படத்தையோ திரையில் வந்த ரகசிய எண்ணின் படத்தையோ கேட்டால் இந்த வித்தை எதுவும் உதவாது. அதற்குக் காகிதம் தேவையில்லை, போனை வைத்துவிடுவதுதான்.

அனுமதி கேட்கும் பெட்டியைப் பற்றியும் கொஞ்சம். புதிதாக ஒரு செயலியில் படம் சேர்க்கப் போனால், எல்லாப் படங்களையும் பார்க்கவா, சிலவற்றை மட்டுமா என்று போன் கேட்கும். ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் இந்த இடைவழி இருக்கிறது, ஆண்ட்ராய்டில் 14-ஆம் பதிப்பு முதல். எங்கள் வகுப்பில் எல்லாரும் 'சிலவற்றை மட்டும்' என்பதைத்தான் தொடுவார்கள். அப்படிச் செய்தால் அறிக்கைகளும் அட்டைகளும் அந்தச் செயலிக்குள் பட்டியலில்கூட வராது, விரல் தவறினாலும் போக வழியில்லை. இதில் ஒரு சிக்கலை நான் முன்கூட்டியே சொல்லத் தவறிவிட்டேன். அடுத்த வாரம் புதுப் படம் ஒன்றைச் சேர்க்கப் போன ஒரு ஐயா, பட்டியலில் மூன்றே படங்கள் இருப்பதைப் பார்த்து, தன் படங்கள் மொத்தமும் அழிந்துவிட்டன என்று முடிவுகட்டி விட்டார். இரவு பத்து மணிக்கு அழைப்பு. படங்கள் எங்கும் போகவில்லை, அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதி மூன்று படங்களுக்குத்தான். இன்னும் படங்களைச் சேர்ப்பதற்கான பொத்தான் அதே திரையில் இருக்கும், அல்லது போனின் அமைப்பில் அந்தச் செயலியின் அனுமதிப் பக்கத்தில் மாற்றலாம். இப்போது அதை முதல் நாளே செய்து காட்டிவிடுகிறேன்.

இதையொட்டியே இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. படத்தை அனுப்பினால் அது தன் போனிலிருந்து கிளம்பிப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கடிதம் போட்டால் கையில் இருக்காதல்லவா, அந்தக் கணக்கு. போவது பிரதிதான், அசல் போனில் இருக்கும். இதைச் சொன்னதும் ஒருவர் சந்தோஷமாகி, "அப்போ மேகத்துல ஏத்தினதையும் போன்ல அழிச்சிடலாமா?" என்றார். கூடாது. தானாகக் காப்புப் பிரதி எடுக்கும் செயலியின் உள்ளேயே படத்தை அழித்தால், பெரும்பாலும் இரண்டு இடத்திலும் சேர்த்தே அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும், அப்புறம் அதுவும் போய்விடும். ஒன்று அனுப்புவது, மற்றது இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு முழு வகுப்பு போயிற்று, இன்னும் இரண்டு பேருக்குச் சந்தேகம் தீரவில்லை.

போன வாரம் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். போனைப் பிடித்தவன் நான். வரிசையாக நிற்கவைத்து, வெளிச்சம் பார்த்து, ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, எண்ணையும் சரிபார்த்து, எங்கள் குழுவில் போட்டேன். எட்டு பேர் கைகூப்பும் சின்னத்தை அனுப்பினார்கள். கண்ணாடிக் கயிற்று அம்மா எதுவும் அனுப்பவில்லை. மூன்று நிமிடம் கழித்து அழைத்தார்.

"தம்பி, நாலு மூலையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே அம்மா."

"வலது பக்கம் மேல பாருங்க. நமக்குப் பின்னாடி இருக்கிற வெள்ளைப் பலகை."

பெரிதாக்கிப் பார்த்தேன். மையத்தின் வைஃபை கடவுச்சொல். அன்று காலை நானே என் கையால், தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று பெரிதாக எழுதியது.

"`Delete for everyone` தம்பி," என்றார். "கீழ இருக்கிறதைத் தொட்டுடாதீங்க."